‘ஆக்‌ஷன் ஓனர்’: தமிழில் என்ன போடலாம்? வெள்ளிக்குள் வேண்டும்

ராணிப்பேட்டையிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். ஷூ கம்பெனி மேற்பார்வையாளர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். கூட்டக் குறிப்பையும் நீண்ட மின்னஞ்சல் தொடரையும் நாலைந்து ஸ்லைடாகச் சுருக்குவது எப்படி என்று சொல்லும் பாடம். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் பெயரை எழுத ‘ஓனர்’ என்று ஒரு கட்டம் வருகிறது. ‘உரிமையாளர்’ என்று போட்டு வகுப்பில் காட்டினேன். “முதலாளி பேரை எழுதணுமா மேடம்?” என்று கேட்டார்கள்!

மாதிரிக்கு எடுத்த கூட்டக் குறிப்பில் இருந்தது இவ்வளவுதான்: “அடிப்பாகம் பசை விடுவது குறித்து விவாதிக்கப்பட்டது. சப்ளையரிடம் பேசப்படும்.”

ஆம்பூரிலிருந்து

குறிப்பு எழுதுபவருக்குப் பெயரா? ‘குறிப்பாளர்’ போதுமே. எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் நான்தான் எழுதுகிறேன். “தொட்டி கழுவப்படும்” என்று மூன்று கூட்டமாக எழுதிவிட்டேன், தொட்டி அப்படியேதான் இருக்கிறது.

வேலூரிலிருந்து

ஆம்பூர் தம்பி, கேள்வி அதுவல்ல. ஆனால் பதில் உங்கள் தொட்டியில்தான் கிடக்கிறது. ‘கழுவப்படும்’, ‘பேசப்படும்’ எல்லாம் செயப்பாட்டுவினை. ‘படு’ வந்ததும் செய்பவர் வாக்கியத்திலிருந்து நழுவிவிடலாம், இலக்கணம் தடுக்காது. குறிப்பில் ‘படும்’ வரும் இடத்தையெல்லாம் வட்டமிடச் சொல்லுங்கள் அம்மா. ஆள் இல்லாத வேலைகள் முக்கால்வாசி அங்கே அகப்படும்.

சொல்லுக்கு வருவோம். குறள் 518: “வினைக்குரிமை நாடிய பின்றை அவனை அதற்குரிய னாகச் செயல்.” ஆளைத் தேர்ந்த பின் வேலையை அவனுக்கே உரியதாக்கு என்கிறார். ‘வினைக்குரியர்’ என்பேன்.

குடியாத்தத்திலிருந்து

ஐயா, தோல் தொழிற்சாலையில் போய் ‘வினைக்குரியர்’ என்றால் யாரோ செய்வினை வைத்துவிட்டதாக நினைப்பார்கள். ‘பொறுப்பாளர்’ நல்ல சொல். பொறுப்பு என்றால் மலை. மலையளவு சுமையைத் தாங்குபவர் பொறுப்பாளர். சுமை பெரிது என்றால் இரண்டு பேரையும் போடலாம்.

வேலூரிலிருந்து

மலை ‘பொருப்பு’, இடையின ரகரம். நீங்கள் சொல்லும் சுமை ‘பொறு’, ‘பொறை’ வழி வந்தது, வல்லின றகரம். சுமை சரி, மலை தப்பு. மலையைப் பார்த்தபடி எழுதினீர்களோ?

ராணிப்பேட்டையிலிருந்து

இரண்டு பேர் வேண்டாம் அண்ணே. கையேடு அதை அடித்துச் சொல்கிறது. இரண்டு பெயர் இருந்தால் அவர் பார்ப்பார் என்று இவரும், இவர் பார்ப்பார் என்று அவரும் இருந்துவிடுவார்கள். ‘தரப்பிரிவு’ என்று துறையின் பெயரைப் போட்டாலும் அதே கதைதான்.

அந்தப் பசை விஷயத்துக்கு 27 மின்னஞ்சல். 19-வதில் உற்பத்தி மேலாளர், பழைய பசையை நிறுத்துங்கள் என்கிறார். 24-வதில் கொள்முதல்காரர், இருக்கிற டப்பா தீரும்வரை ஓட்டலாமா என்கிறார். அதற்குப் பதிலே இல்லை. வகுப்பில் ஒருவர் அதை “இருப்பு தீரும்வரை பயன்படுத்த முடிவு” என்று ஸ்லைடில் ஏற்றிவிட்டார்! பதில் வராத கேள்வி முடிவாகாது. திருத்திய ஸ்லைடு இது:

முடிவானது: பழைய பசை நிறுத்தம் (உற்பத்தி மேலாளர், 19-வது அஞ்சல்).
முடிவு வேண்டியது: மீதி டப்பாக்களைத் தீரும்வரை ஓட்டுவதா, திருப்புவதா, கழிப்பதா? உற்பத்தி மேலாளர் சொல்ல வேண்டும்.
வேலை: புதுப் பசையில் 20 ஜோடி ஒட்டி, இழுத்துப் பார்த்து முடிவைச் சொல்வது. ____: தர மேற்பார்வையாளர். 14-ஆம் தேதிக்குள்.

விவாதம் முழுக்கப் பின்னிணைப்புக்குப் போய்விட்டது. அந்தக் கோடிட்ட இடத்துக்குத்தான் சொல் கேட்கிறேன். ஸ்லைடை எல்லோருக்கும் அனுப்புமுன் தர மேற்பார்வையாளரிடம் காட்டி, சரி என்று வாங்க வேண்டும். கூட்டத்துக்கே வராதவர் பெயரை எழுதிவிடுவதும் நடக்கிறது.

ஆம்பூரிலிருந்து

அப்போ ‘யார் செய்வது’ என்று போட்டுவிடுங்கள். கலைச்சொல்லே வேண்டாம்.

வேலூரிலிருந்து

பசை தடவுவது தொழிலாளி. 14-ஆம் தேதி “ஆச்சா?” என்றால் பதில் சொல்ல வேண்டியவர் மேற்பார்வையாளர். செய்பவர் வேறு, உரியவர் வேறு. அதனால்தான் வள்ளுவர்...

குடியாத்தத்திலிருந்து

ஐயா, நாளைக்கு வெள்ளிக்கிழமை.

ராணிப்பேட்டையிலிருந்து

‘பொறுப்பாளர்’ என்றே அனுப்புகிறேன். தனியஞ்சலில் எழுதிய நாலு பேரும் அதையே சொன்னார்கள். கட்டத்துக்கு மேலே “ஒரே ஒரு பெயர்” என்று சின்னதாக ஒரு வரியும் சேர்த்தேன்.

வேலூரிலிருந்து

அனுப்புங்கள். ஆனால் எங்கள் தெருவில் கட்சிக்குப் பொறுப்பாளர், கோயிலுக்குப் பொறுப்பாளர், ரேஷன் கடைக்குப் பொறுப்பாளர் என்று மூன்று பேர் இருக்கிறார்கள். எதையாவது கேட்டால் மூவரும் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள். அடுத்த பதிப்பு வரும்போது ‘வினைக்குரியர்’ பற்றி மறுபடி எழுதுவேன்.

ஆம்பூரிலிருந்து

சங்கக் குறிப்பில் தொட்டிக்கு எதிரே பொறுப்பாளர் என்று என் பெயரையே எழுதிவிட்டார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை.