லேத்துக்குச் சந்தனம், பட்டறை ஆட்களுக்கு நன்றி

மண்டபம் பட்டறைக்காரர்:
எல்லாருக்கும் ஆயுத பூஜை வாழ்த்துகள். விசைப்படகு ஷாஃப்ட், புஷ் வேலை பார்க்கும் சின்ன லேத் பட்டறை எங்களுடையது. நேற்றே மெயின் சுவிட்சை அணைத்து, சீவல் எல்லாம் வாரி, மண்ணெண்ணெய்த் துணியால் லேத்தைத் துடைத்தாயிற்று. இன்று பொரி, கடலை, சுண்டல். நாளை விஜயதசமிக்கு ஒரு சின்னத் துண்டைக் கடைந்து வேலையைத் தொடங்குவோம்.

நன்றி சொல்ல வேண்டியது எங்கள் மூத்த டர்னர் அண்ணனுக்குத்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், படகெல்லாம் கரையில். அப்போதுதான் எங்களுக்கு வேலை குவியும். அப்படி வந்த ஒரு படகில் ஷாஃப்டைச் சுற்றித் தண்ணீரை அடைக்கும் பேக்கிங்கை மாற்றியும் கசிவு நிற்கவில்லை. பேக்கிங் தரமில்லை என்றார் படகுக்காரர். அண்ணன் ஷாஃப்டை இரண்டு சென்டருக்கு நடுவே ஏற்றி, டயல் வைத்துக் கையால் சுற்றினார். முள் ஆடியது. ஷாஃப்ட் வளைந்திருந்தால் எந்தப் பேக்கிங்கையும் தின்றுவிடும். பேக்கிங் உட்காரும் இடத்தில் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளமும் இருந்தது. வெல்டிங் சூட்டில் மறுபடி வளையும் என்பதால், முதலில் பள்ளத்தை நிரப்பி ஆறவிட்டார். அப்புறம்தான் பிரஸ்ஸில் கொஞ்சம் அழுத்துவதும் டயல் பார்ப்பதுமாக நேராக்கினார். கடைசல் கடைசியில். கூடவே நின்று எண்ணெய் விட்ட தம்பி இப்போது தானே டயல் பார்க்கிறான். இவர்களாலும் அந்தப் பழைய லேத்தாலும்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது.

கீழக்கரை வெல்டர்:
வாழ்த்துகள் அண்ணே. போன வருஷம் லேத் பெட் மேலேயே சந்தனம், குங்குமம் வைத்தோம். மறுநாள் பொட்டு இருந்த இடமெல்லாம் துரு. இந்த வருஷம் முழுக்க கிரீஸ் பூசிவிட்டேன், இனி கவலை இல்லை.

பாம்பன் பெரியவர்:
கிரீஸ் துருவைத் தடுக்கும், சரிதான். ஆனால் நம்ம ஊர் காற்றில் பறக்கும் மணல் அதில் ஒட்டும். துடைக்காமல் சேடிலை ஓட்டினால் பெட்டில் கோடு விழும். மெல்லிசாக எண்ணெய் போதும். பொட்டைப் பெயிண்ட் அடித்த ஹெட்ஸ்டாக்கில் வையுங்கள், ஈரம் இரும்பைத் தொடாது.

தொண்டி படகுக்காரர்:
என் படகு ஓடும்போது ஆடுகிறது. அப்போ எனக்கும் ஷாஃப்ட் வளைவுதானா? நேராக்க எவ்வளவு ஆகும்?

மண்டபம் பட்டறைக்காரர்:
பார்க்காமல் சொல்ல முடியாது அண்ணே. புரொப்பல்லர் இலை ஒன்று மடங்கியிருந்தாலும் ஆடும், இஞ்சின் உட்கார்ந்த இடம் விலகியிருந்தாலும் ஆடும். முதலில் இலைகளைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் ஷாஃப்டைக் கழற்றி எடுத்து வாருங்கள். நாளை காலை பட்டறை திறந்திருக்கும்.

பாம்பன் பெரியவர்:
இஞ்சின் எத்தனை வேகத்தில் ஓடும்போது ஆடுகிறது என்றும் கவனித்துச் சொல்லுங்கள் தம்பி.