டவர் பக்கத்துலயே இருக்கு, நெட் மட்டும் நகரல: காங்கேயம் பக்கம்

காடையூர்_களம்: வீட்டுல இருந்து டவர் 300 மீட்டர்தானுங்க. நாலு கோடும் நிறைஞ்சு நிக்குது. ராத்திரி எட்டு மணிக்கு 2 எம்பிபிஎஸ் கூட வரல, மழை வந்தா அதுவும் போயிருது. சிக்னல் இத்தனை இருந்தும் ஏனுங்க இப்படி?

தறிப்பட்டறை: கூட்டமுங்க, வேற என்ன? வேலை முடிஞ்சு வந்து ஆளாளுக்கு வீடியோ போடறாங்க. ஒரு டவர் எத்தனை பேருக்குத் தாங்கும்?

ஆனைமலை_தோப்பு: எனக்கும் இதேதான். பூஸ்டர் வாங்கி மாட்டினேன், வீட்டுக்குள்ள ஒரு கோடு மூணு கோடாச்சு. நீங்களும் வாங்கிருங்க.

குழல்_கம்பம்: தோப்பு அண்ணா, உங்களுக்குக் குறைஞ்சது சிக்னல். இவருக்கு சிக்னல் குறையவே இல்லையே. அனுமதியில்லாத பூஸ்டர் சட்டப்படி குத்தம், அக்கம்பக்கத்து லைனையும் கெடுக்கும்.

கோடு காட்டுறது போனுக்கும் டவருக்கும் நடுவுல இருக்கற வழியை மட்டும். டவருக்கு வந்த டேட்டா அதுக்கப்புறம் கம்பெனி நெட்வொர்க்குக்குப் போகணும். அந்த வழிதான் பேக்ஹால். ஃபைபர் போயிருந்தா சரி. இல்லாட்டி மைக்ரோவேவ்ல பக்கத்து டவருக்கு, அங்கிருந்து அடுத்ததுக்குன்னு தாண்டித் தாண்டிப் போகும். டவரை அண்ணாந்து பாருங்க. நீளப் பலகையா தொங்கறது நம்ம போனுக்கான ஆன்டெனா. மத்தளம் மாதிரி வெள்ளை வட்டம் இருந்தா அது மைக்ரோவேவ். ஆனா ஒரே கம்பத்துல ரெண்டு மூணு கம்பெனி இருக்கும், எது யாருதுன்னு கீழே இருந்து சொல்ல முடியாது.

கணக்கு பாருங்க. 28 மெகாஹெர்ட்ஸ் அகல மைக்ரோவேவ் சேனல் ஒண்ணு, வானம் தெளிவா இருக்கறப்ப சுமார் 180 எம்பிபிஎஸ் கடத்தும். நாலு டவர் அதுல தொத்திக்கிட்டா, டவருக்கு மூணு திசைன்னு பன்னண்டு. எல்லாம் ஒரே நேரத்துல கேட்டா திசைக்கு 15. அந்தப் பதினஞ்சையும் அந்தத் திசையில இருக்கற வீடுகள் பிரிச்சுக்கணும். 20 மெகாஹெர்ட்ஸ் 4ஜில ஒரு திசை மட்டுமே உச்சத்துல 150 தர முடியும்.

தறிப்பட்டறை: அப்ப கூட்டம்னு நான் சொன்னது தப்பில்லையே?

குழல்_கம்பம்: கூட்டம் சரி. எங்க நெரியுதுங்கறதுதான் கேள்வி. போனுக்கும் டவருக்கும் நடுவுல நெரிஞ்சா, வேற பேண்டுக்கோ டவரோட மறுபக்கத்துக்கோ போனாலே வேகம் வரும். பேக்ஹால்ல நெரிஞ்சா எந்தப் பக்கம் நின்னாலும் அதே கதி.

காடையூர் அண்ணா, போனை 4ஜில மட்டும் வெச்சு NetMonster செயலியில சிக்னலோட பலம் காட்டற RSRP, தரம் காட்டற RSRQ ரெண்டையும் எட்டு மணிக்குப் பாருங்க. அப்புறம் டவருக்கு எதிர்ப்பக்கம் போய் மறுபடி பாருங்க. டவரைக் குறிக்கற eNB எண் அதேயா இருக்கணும், அதுல எந்தத் திசைன்னு குறிக்கற CID மாறியிருக்கணும். அப்பத்தான் அதே டவரோட வேற திசை.

காடையூர்_களம்: பார்த்துட்டனுங்க. வீட்டுல RSRP -74, RSRQ -7, வேகம் 1.6. எதிர்ப்பக்கம் eNB அதே, CID வேற, RSRQ -8, வேகம் 1.9. ராத்திரி ரெண்டு மணிக்கு 38 வந்துச்சு.

குழல்_கம்பம்: சாவி RSRQல இருக்கு. டவர் தன் ரேடியோவை முழுசா ஓட்டினா, பக்கத்துல நின்னாலும் RSRQ -11 பக்கம் இறங்கும். உங்களுக்கு -7. டவர்கிட்ட அனுப்ப இடம் இருக்கு, அனுப்பச் சரக்கு வந்து சேரல. ரெண்டு திசையும் ஒண்ணா படுத்திருக்கறதும் அதையேதான் சொல்லுது. இந்தக் கணக்கை 5ஜிக்குப் போடாதீங்க, அங்க RSRQ வேற விதமா அளக்கறது.

மழைக்கும் விடை இதுலயே. போனுக்கு வர்ற 1800 மெகாஹெர்ட்ஸை மழை ஒண்ணும் பண்ணாது, கோடு அப்படியே நிக்கும். 15, 18 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவைக் கனமழை தின்னுரும். லிங்க் அறுந்து போகாம இருக்க தானாவே மெதுவான முறைக்கு இறங்கும். அடிமட்டத்துல அந்த 180, 40 பக்கம் வந்துரும்.

ஆனைமலை_தோப்பு: எங்க பக்கம் தென்னை வளர்ந்து மறைச்சாலும் இப்படி ஆகுமா?

குழல்_கம்பம்: ஆகும். 8 கிலோமீட்டர் தூரம், 15 கிகாஹெர்ட்ஸ்னா நடுவழியில நேர்கோட்டைச் சுத்தி நாலு மீட்டராவது காலியா இருக்கணும். போட்டப்ப சரியா இருந்த லிங்க், மட்டை ஏறினதும் கெடும். அப்ப ராத்திரி ரெண்டு மணிக்கும் வேகம் வராது. இவருக்கு 38 வருது, அதனால மரத்தை நான் சந்தேகப்படல.

தறிப்பட்டறை: ஒண்ணு விட்டுட்டீங்க. ஃபைபரே வந்திருந்து, அதுல இத்தனைதான்னு கம்பெனியே அளவு கட்டி வெச்சிருந்தாலும் வெளியே இதே எண்தான தெரியும்?

குழல்_கம்பம்: தெரியும், மறுக்கல. மழையில வேகம் போறதை ஃபைபர் விளக்காது, ஆனா மழையில கரண்ட் போய் வழியில இருக்கற ஒரு டவர் பேட்டரி தீர்ந்தாலும் இதே மாதிரி ஆகலாம். அண்ணா, புகார் குடுக்கறப்ப "சிக்னல் இல்லை"ன்னு எழுதாதீங்க, கோடு பார்த்துட்டு மூடிருவாங்க. eNB எண், ரெண்டு CID, நேரம், RSRQ, வேகம் எல்லாத்தையும் போட்டு "பேக்ஹால் பாருங்க"ன்னு எழுதுங்க.

காடையூர்_களம்: சரிங்க. அடுத்த மழைக்குக் கரண்ட் இருக்கறப்பவும் இல்லாதப்பவும் எடுத்துப் போடறேன்.