கையிருப்பு இருக்கு, ‘வழியிருப்பு’ சொல்லலாமா?

சுங்கை சிப்புட் கடைக் கிராணி:

வணக்கம். எங்க மளிகைக்கடை சிஸ்டத்துல தலைப்பையெல்லாம் தமிழுக்கு மாத்திக்கிட்டு இருக்கேன், எல்லாம் ஓடிடுச்சு, `In Transit` கிட்ட வந்து நின்னுட்டேன். விஷயம் இதுதான். இங்க சமையல் எண்ணெய் 120 பெட்டி, கோலகங்சார் கிளையில 15. தீபாவளிக்கு அங்க பத்தலன்னு 40 பெட்டியை லோரியில ஏத்தி, அனுப்புனதா பதிஞ்சேன். உடனே நம்ம கணக்கு 80 ஆயிடுச்சு, ஆனா அங்க அவங்க எண்ணிப் பார்த்து பதியிற வரைக்கும் அதே 15 தான். அந்த 40 நடுவுல ஒரு இடத்துல நிக்கலன்னா மொத்த சரக்கு 135ல இருந்து 95க்கு விழுந்துடும். அந்த ‘நடு இடத்துக்கு’ ஒரு சொல் வேணும்.

தெலுக் இந்தான் மளிகைக்காரர்:

தம்பி, எனக்கும் இதே தலைவலிதான். ஈப்போ மொத்த வியாபாரிகிட்ட அரிசி ஆர்டர் போட்டா, அனுப்பிட்டேங்கிறாரு, ரெண்டு வாரமா வரல. நான் ‘நிலுவைச் சரக்கு’ன்னு நோட்டுல எழுதி வைப்பேன். அதையே போடுங்களேன்.

ஓய்வுபெற்ற கணக்கர், ஈப்போ:

அண்ணே, உங்களுது வெளியாள்கிட்ட வாங்குறது. அதுல சரக்கு எப்போ உங்களுது ஆகுதுங்கிறது நீங்க பேசிக்கிட்ட ஏற்பாட்டைப் பொறுத்தது. தம்பி கேக்குறது ஒரே கம்பெனியோட ரெண்டு கிளை, சரக்கு கை மாறல, இடம்தான் மாறுது, அதனால விற்பனையும் இல்ல லாபமும் இல்ல. ‘நிலுவை’ன்னு போட்டா பாக்குறவங்க யாரோ பணம் தரணும்னு நெனைப்பாங்க. என் யோசனை, ‘வழியிருப்பு’.

தமிழாசிரியர், தாப்பா:

சொல் அழகாத்தான் இருக்குங்க ஐயா, ஆனா ஓடிக்கிட்டிருக்கிற பொருளை ‘இருப்பு’ங்கிறது முரணா படுது. ‘பயணச் சரக்கு’ன்னா பிள்ளைங்களுக்கும் புரியும்.

ஓய்வுபெற்ற கணக்கர்:

ஆசிரியரம்மா, கணக்குல ‘இருப்பு’ன்னா அசையாம கிடக்குறதுன்னு இல்ல, மிச்சம் நிக்கிற எண்ணிக்கை. கடையில இருந்தா கையிருப்பு, வழியில இருந்தா வழியிருப்பு. ரெண்டையும் கூட்டுனா மொத்த இருப்பு, 80, 15, 40, ஆக 135. ‘பயணச் சரக்கு’ன்னா லோரியில இருக்கிற மூட்டை மட்டும்தான் கண்ணுக்கு வருது, கணக்கு வரல.

கோலகங்சார் கிளை ஸ்டோர் அக்கா:

நான்தான் அந்த 40 பெட்டியை இறக்குனவ, அதனால சொல்றேன், ‘வழி’ங்கிற சொல்லே எனக்கு உறுத்துது. லோரி காலையிலயே வந்துடுச்சு, கூட்டம் நெரிஞ்சதால சரக்கோட வந்த டி.ஓ. சீட்டை கல்லாவுல சொருகிட்டு, வந்ததா பதியாம நேரா விக்க ஆரம்பிச்சிட்டோம், 20 பெட்டி போயிடுச்சு. சாயங்காலம் சிஸ்டத்துல பாத்தா எங்க எண்ணெய் -5, பக்கத்துல `In Transit` 40. சரக்கு எங்க காலடியில கிடக்கு, திரை மட்டும் ரோட்டுல இருக்குன்னு சொல்லுது. இன்னொரு நாள் இப்படித்தான் 15னு பாத்துட்டு ஒருத்தர் வெளியில 40 புதுசா ஆர்டர் போட்டுட்டார், ரெண்டும் வந்து ஸ்டோர்ல கால் வைக்க இடம் இல்ல.

ஓய்வுபெற்ற கணக்கர்:

இதுதான் முக்கியமான பேச்சு. அந்தக் கட்டம் லோரி எங்க இருக்குன்னு சொல்லல, ரெண்டு பதிவுல ஒண்ணு நடந்துடுச்சு, இன்னொண்ணு நடக்கலன்னு சொல்லுது. ஒரு பக்கம் மைனஸ், பக்கத்துல வழியில சரக்குன்னு வந்தா, பெரும்பாலும் வந்த சரக்கைப் பதியாம வித்திருக்காங்கன்னு அர்த்தம். அதே நாள்ல போய்ச் சேர்ற லோரிக்கு மூணு நாளா வழியிருப்பு நின்னாலும் அப்படித்தான் சந்தேகப்படணும்.

தமிழாசிரியர்:

அப்ப ‘பெறாச் சரக்கு’?

கோலகங்சார் கிளை ஸ்டோர் அக்கா:

அது நாங்க வேணாம்னு திருப்பி விட்ட மாதிரி கேக்குதுங்க டீச்சர்.

சுங்கை சிப்புட் கடைக் கிராணி:

சரி, இப்போதைக்கு ‘வழியிருப்பு’ போட்டு, கீழ சின்ன எழுத்துல ‘அனுப்பியது, வந்ததாகப் பதியாதது’ன்னு வெக்கிறேன், பக்கத்துல எத்தனை நாளாச்சுன்னு ஒரு கட்டமும். இன்னொரு கேள்வி. அக்கா எண்ணிப் பார்த்து 38 தான்னு பதிஞ்சாங்க. ரெண்டு பெட்டி இன்னும் வழியிருப்புல நிக்குது. என் பதிவை 38ன்னு திருத்திடவா?

ஓய்வுபெற்ற கணக்கர்:

திருத்தாதீங்க தம்பி. டி.ஓ.ல 40ன்னு லோரிக்காரர் கையெழுத்து இருக்கு, நீங்க திருத்துனா அந்த ரெண்டு பெட்டி காணாம போன தடமே இருக்காது. அவங்களும் 40னு பதியக் கூடாது. முதல்ல உங்க ஸ்டோர்ல ஏத்தாம விட்டிருக்கான்னு எண்ணுங்க, இருந்தா வழியிருப்புல இருந்து உங்க கையிருப்புக்குத் திருப்புங்க. இல்லன்னா முதலாளி ஒப்புதலோட நட்டத்துல எழுதணும்.

தெலுக் இந்தான் மளிகைக்காரர்:

அந்த ரெண்டுக்கும் ஒரு பேர் வேணுமே. ‘வழிக்குறை’?

தமிழாசிரியர்:

அது பாதை சரியில்லங்கிற மாதிரி இருக்கு. ‘வழியிழப்பு’ன்னா?

சுங்கை சிப்புட் கடைக் கிராணி:

இழந்துட்டோம்னு இன்னும் தெரியலையே டீச்சர். நாளைக்குக் காலையில ஸ்டோரை எண்ணிட்டு வந்து எழுதுறேன்.