குழு விவாதத்தில் கத்தாமல் நுழைவது எப்படி?

வணக்கம். நான் இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன். சென்ற வாரம் வளாகத் தேர்வில் குழு விவாதச் சுற்றோடு வெளியேறினேன். 10 பேர், 15 நிமிடம், தலைப்பு ‘வீட்டிலிருந்து வேலை’. முதல் 5 நிமிடம் மூன்று பேர் போட்ட சந்தை இரைச்சல்தான். நான் வாய் திறந்தது ஒரே முறை. அதுவும் பாதியில் அமுங்கிப்போனது.

எங்கள் குழுவில் ஒரு பெண் குரலை உயர்த்தவே இல்லை. ஒருவர் மூச்சு வாங்கிய இடைவெளியில், “பயண நேரம் மிச்சம் என்று நீங்கள் சொன்னது சரி. பட்டறையில் நிற்கும் ஊழியருக்கு அது பொருந்துமா?” என்றார். எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். பிறகு, பேசாமலிருந்த ஒருவரிடம் கருத்துக் கேட்டார். தேர்வாகிவிட்டார்.

முந்தையவரின் சொல்லைப் பிடித்து நுழைவதை விடுதி நண்பர்களுடன் பழகி வருகிறேன். ஆனால் அந்த இடைவெளியே கிடைக்காவிட்டால்? நான் குழுவைப் பார்க்காமல் தேர்வாளரையே பார்த்துப் பேசினேன், அதுவும் பிழையா? முடிவு எட்டாத விவாதத்தைத் தொகுக்கும்போது, எதில் ஒத்துப்போனோம், எதில் பிரிந்தோம் என்று மட்டும் சொன்னால் போதுமா?

தேர்வாளராக அமர்ந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள். அடுத்த சுற்று வியாழக்கிழமை.