11ஆம் ரவுண்டுல கடிகாரத்தைக் காட்டுனது சரியா?

வெள்ளைக்குதிரை:
கோபியில ஞாயித்துக்கிழமைக்கு ஒரு ரவுண்டா ஓடுச்சே செஸ் டோர்னமென்ட், எட்டுப் பேரு, ஆளுக்கு ஆள் ரெண்டு ஆட்டம், மொத்தம் 14 ரவுண்டு. பெருந்துறை லேத்துப்பட்டறைக்காரரும் திருப்பூர் காலேஜ் பையனும் 4ஆம் ரவுண்டுல முட்டிக்கிட்டதை எல்லாரும் பாத்தீங்க. 11ல அவரு கடிகாரத்தை அமுக்க மறந்தாரு, பையன் விரலைக் காட்டி ஞாபகப்படுத்துனான். ஆட்டம் டிரா. அவன் செஞ்சது சரியாங்க?

நொய்யல்:
ஏமாளித்தனம். 4ஆம் ரவுண்டுல பையன் மூவ் வெச்சுட்டு, அமுக்காம டீ குடிக்கப் போனான். பெரியவரு கன்னத்துல கை வெச்சுக்கிட்டு கம்முனு உக்காந்திருந்தாரு. 18 நிமிசம் பையன் கணக்குல போச்சு. அதனாலதான் கடைசில நேரமில்லாம, கையில இருந்த ஆட்டத்தை விட்டான். கை கூடக் குடுக்காம எந்திரிச்சுப் போனவன் இப்ப தர்மப்பிரபு ஆயிட்டானாக்கும்.

சிப்பாய்_8:
ஆட்டம் நடக்கையில எதிராளிக்குச் சைகை காட்டுறதே தொந்தரவுங்க, விதியிலயே இருக்குது. 4ஆம் ரவுண்டுல ஆர்பிட்டராச்சும் பையனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். ரெண்டு தப்பும் ஆர்பிட்டர் மேலதான்.

பவானிக்கரை:
தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு விதி இருக்குது, வாஸ்தவம். ஆனா ஒருதடவை விரலைக் காட்டுனதை எந்த ஆர்பிட்டரும் அதுல சேக்க மாட்டாரு. அடுத்தது நீங்க தலைகீழா சொல்றீங்க தம்பி. ஒருத்தர் கடிகாரத்தை அமுக்கலைன்னு ஆர்பிட்டர் சொல்லவே கூடாதுன்னுதான் ஃபிடே விதி. பக்கத்து போர்டுக்காரரும் வாயைத் திறக்கக் கூடாது. சொல்ற உரிமை எதிராளிக்கு மட்டும், அதுவும் கட்டாயமில்லை. அதனால 4ல பெரியவரும் விதியை மீறலை. பையன் நேரத்துல அவரு யோசிச்சுக்கிட்டாரு, அவ்வளவுதான்.

நடுவுல நடந்ததை யாரும் சொல்லலையே. 8ஆம் ரவுண்டு முடிஞ்சதும் பெரியவரு தானா வந்து, 4ஆம் ரவுண்டு ஸ்கோர் ஷீட்டை மேசையில விரிச்சு, "26ல நீ ரூக்கை மாத்தியிருந்தீன்னா நான் காலி கண்ணு"ன்னாரு. அதுவரைக்கும் அவரு பக்கமே திரும்பாத பையன் உக்காந்துட்டான். ஹால் பூட்ற வரைக்கும் அந்த ஒரே பொசிசனைப் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தாங்க. அடுத்த வாரத்துல இருந்து அவரு போர்டுக்குப் பின்னால பையன்தான் நின்னான்.

மூணாமிடம்:
நொம்ப அழகா இருக்குதுங்க கதை. அந்த டிராவுல பெரியவருக்குக் கிடைச்ச அரைப் புள்ளியிலதான் நான் ரெண்டாமிடத்தை விட்டேன். அவங்க பாசத்துக்கு என் பரிசுப்பணமா?

வெள்ளைக்குதிரை:
1972ல ரெய்க்யவிக்ல ஸ்பாஸ்கி பண்ணலையாங்க? ரெண்டு ஆட்டம் முன்னால இருந்தும், ஃபிஷர் கேட்டாருன்னு மூணாவது ஆட்டத்தை மேடைக்குப் பின்னால ஒரு சின்ன ரூம்ல ஆடச் சம்மதிச்சாரு. 6ஆவது ஆட்டத்துல தோத்துட்டு, கூட்டத்தோட சேந்து அவரே கை தட்டுனாரு. அவரை ஏமாளின்னா சொல்லுவீங்க?

நொய்யல்:
ஏமாளிதானுங்க. அதுக்கு முன்னால அவரை ஒருதடவை கூட ஜெயிக்காத ஃபிஷர், மொத வெற்றி எடுத்ததே அந்த ரூம்லதான். கடைசில 12½-8½, பட்டமே போச்சு.

பவானிக்கரை:
அது ரெண்டு பேரு மட்டும் ஆடுன மேட்ச். ஸ்பாஸ்கி விட்டுக் குடுத்தாருன்னா நட்டம் அவரோட நின்னுரும். எட்டுப் பேரு ஆடுற டோர்னமென்ட்ல அரைப் புள்ளி அடுத்தவன் இடத்தையும் அசைக்கும். அந்த மட்டுக்கு மூணாமிடத்துக்காரர் கோவம் நியாயம்.

ஆனா அந்த விரலுக்கு அரைப் புள்ளி விலை இருந்துச்சான்னு பாருங்க. கடைசி ரூக் எண்ட்கேம்ல பையனுக்கு ஒரு சிப்பாய் கூட. கருப்புக்காய் அவனுது, அதனால சிப்பாய் கீழ இறங்குது. பெரியவரு ராஜாவைச் சிப்பாய்க்கு நேர் எதிர்ல நிறுத்தி, ரூக்கை மூணாவது வரிசையில வெச்சுட்டு அசையலை. அது நிக்கிற வரைக்கும் கருப்பு ராஜா உள்ள வர முடியாது. வேற வழியில்லாம பையன் சிப்பாயை மூணாவது வரிசைக்குத் தள்ளுன அடுத்த மூவ்லயே ரூக் எட்டாவது வரிசைக்குப் போயிருச்சு. அங்கிருந்து செக் மேல செக். முன்னால போன சிப்பாய்க்குப் பின்னால ராஜா ஒளிய முடியாதுல்ல. பிலிடார் தெரிஞ்ச கைக்கு மூவுக்கு ஏத்தற 30 செகண்டே மிச்சம்.

மூணாமிடம்:
அது பிலிடார் வந்த பொறவுங்கண்ணா. பையன் விரலைக் காட்டுனது 37ல. அப்பப் போர்டுல ரெண்டு குதிரை, ஏழெட்டுச் சிப்பாய் கிடந்துச்சு. பெரியவருக்கு இருந்ததே 9 நிமிசம், பையன் பேசாம இருந்திருந்தா அதுவும் கரைஞ்சிருக்கும். அவசரத்துல அந்த எண்ட்கேம் வரைக்கும் அவரு வந்து சேந்திருப்பாரான்னுதான் கேக்கறேன்.

பவானிக்கரை:
அதை இங்கிருந்து சொல்ல முடியாது. 37ல இருந்து ஸ்கோர் ஷீட்டு யாருகிட்டயாச்சும் இருந்தாப் போடுங்க, குதிரையை மாத்துன இடத்தைப் பாக்கோணும்.

நொய்யல்:
எங்கிட்ட 41 வரைக்கும் இருக்குது, ராத்திரி ஏத்தறேன். அப்பவும் என் கட்சி அதேதான்.