மொத்தமாக எழுதிய ஆல்ட் டெக்ஸ்ட்: பத்துக்கு ஒன்று பார்த்தால் போதுமா?

சிக்பேட்டைப் பெண்
பெங்களூரில் ஒரு பட்டுப் புடவைக் கடைக்கு மாசம் 240 படம் முன்கூட்டியே ஷெட்யூல் பண்ணுகிறேன். பார்வை இல்லாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளப் படத்தோடு வைக்கிற விவரிப்பை, அதாவது ஆல்ட் டெக்ஸ்ட்டை, ஏஐ எழுதித் தருகிறது, சரிபார்ப்பது நான் ஒருத்திதான். பத்துக்கு ஒன்று பார்த்தால் போதும் என்கிறார் முதலாளி. போதுமா?

எண்ணிப்பார்
போதும். பீன்யாவில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் பதினொரு வருஷமா தரச்சோதனை பார்க்கிறேன். எல்லாத்தையும் பார்க்கிற ஆளுக்கு எண்பதாவது துண்டுக்கு மேல கண் ஓடாது, கை மட்டும்தான் ஓடும். களைச்சுப்போய் 240 பார்க்கிறதைவிடத் தெளிவா 24 பார்க்கிறது மேல். அந்த 24-ல் ரெண்டு தப்பு கிடைச்சா மொத்தத்தையும் திருப்பி அனுப்புங்க.

ரேங்க் பிரதர்
மேடம், எல்லா ஆல்ட்டிலும் கடை பெயர், ஏரியா, ‘பட்டுப் புடவை’ மூணும் வர்ற மாதிரி ஒரே வாக்கியம் போட்டுடுங்க. தேடல்ல மேல வரும்னு சொல்றாங்க, சரிபார்க்கிற வேலையும் மிச்சம்.

கேட்டுப் படிப்பவன்
ரேங்க் பிரதர், எனக்குப் பார்வை கிடையாது. போனில் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வைத்துத்தான் எல்லாம் கேட்கிறேன். நீங்கள் சொல்கிறபடி போட்டால் 240 படமும் எனக்கு ஒரே படம். அவர் கேட்டது வேறு, நீங்கள் சொல்வது வேறு.

அல்சூர் எடிட்டர்
எண்ணிப்பார் அண்ணா, உங்கள் ஆலையில் ஒரு மெஷின் ஒரே துண்டைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறது. அதனால் எதை எடுத்துப் பார்த்தாலும் மற்றதைப் பற்றித் தெரியும். இங்கே அப்படி இல்லை. தங்கச்சி, உங்கள் 240-ல் ஆஃபர் போஸ்டர் எத்தனை, புடவை எத்தனை, பண்டிகை வாழ்த்து எத்தனை? நான் பார்க்கிற பக்கங்களில் தப்பு எல்லாம் ஒரே இடத்தில்தான் குவியும்: படத்துக்குள் எழுத்தும் எண்ணும் இருக்கிற போஸ்டரில். பூ, விளக்கு, கோலம் போட்ட வாழ்த்துப் படத்தில் தப்பு வந்தாலும் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. வெறும் அலங்காரத்துக்கு வைத்த படம் என்றால், கடையின் வலைத்தளத்தில் `alt=""` என்று காலியாக விட்டாலே ஸ்க்ரீன் ரீடர் அதைத் தாண்டிப் போய்விடும்.

கணக்கே போட்டுப் பார்ப்போம். 240-ல் ஆறு போஸ்டரில் தேதியோ விலையோ தப்பு என்று வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு 24 எடுத்தால், அந்த ஆறில் ஒன்றுகூடக் கையில் சிக்காமல் போக பாதிக்கு மேல் வாய்ப்பு. அப்புறம் ‘தப்பே இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவீர்கள்.

எண்ணிப்பார்
எடிட்டர் மேடம், அந்தக் கணக்கு சரி, ஒத்துக்கறேன். ஆனா நான் நேர்ல பார்த்த ஒண்ணு சொல்றேன். என் மச்சினி ஒரு கடைக்கு 24 படம் ஏத்தினா. வந்த விவரிப்பு ஒவ்வொண்ணையும் படத்தோட வெச்சு ஒண்ணு விடாமச் சரிபார்த்தா, அத்தனையும் சரி. பதிவுகள் வெளியே வந்ததும் பார்த்தா, முதல் படம் ஒண்ணுக்குத்தான் சரியான வரி, மீதி 23-ம் மாறிக் கிடக்கு. காரணம் இதுதான். ஷீட்ல வரிகள் 1, 2, 3 வரிசையில. ஷெட்யூல் பண்ற கருவி கோப்பை எழுத்து வரிசையில எடுத்திருக்கு:

```
pattu_1.jpg
pattu_10.jpg
pattu_11.jpg
...
pattu_19.jpg
pattu_2.jpg
```

ரெண்டாவது வரி போய் பத்தாவது படத்துல உட்கார்ந்துடுச்சு. ஏத்தினதுக்கு அப்புறம் அவ முதல் படத்தை மட்டும் திறந்து பார்த்திருக்கா, அது சரியா இருந்ததால மூடிட்டா. நடுவுல எதையாவது ரெண்டைத் திறந்திருந்தா அங்கேயே பிடிபட்டிருக்கும். முழுசாச் சரிபார்த்தும் கோட்டை விட்டது இங்கே, காப்பாத்தியிருக்கக்கூடியது மாதிரிச் சோதனை.

அல்சூர் எடிட்டர்
இதை மறுக்கவே மாட்டேன் அண்ணா. ஏற்றியபின் வரிசையில் நிற்கும் பதிவைத் திறந்து, நடுவிலிருந்து நாலைந்து பார்ப்பது கட்டாயம். கோப்புக்கு `pattu_001`, `pattu_002` என்று பூஜ்யம் சேர்த்துப் பெயர் வைத்தால் வரிசை குலையாது. அதைவிட நல்லது, ஷீட்டில் ஒவ்வொரு வரியிலும் கோப்புப் பெயரையே எழுதி, அதை வைத்துப் பொருத்துவது. ஆனால் இது மொத்தமாக நகர்கிற தப்பு. மொத்தமாக நகர்ந்தால் முதல் படம் தவிர எங்கே தொட்டாலும் தெரியும். தனியாக ஒரு போஸ்டரில் 3 என்பது 8 ஆனால், அந்தப் போஸ்டரைத் தொட்டால்தான் தெரியும்.

இன்னொன்று, பார்க்கிற முறை. விவரிப்பைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்க்காதீர்கள். ‘சிவப்புப் புடவை’ என்று படித்த கண்ணுக்கு அரக்கும் சிவப்பாகத்தான் தெரியும். விவரிப்பை மறைத்துவிட்டு முதலில் படத்தைப் பாருங்கள். அதில் இருக்கிற எண், தேதி, பெயர் மூன்றையும் ஒரு தாளில் குறியுங்கள். அப்புறம் திறந்து ஒப்பிடுங்கள். ஒரு போஸ்டருக்கு ஒரு நிமிஷம், போஸ்டர் 50 என்று வைத்தாலும் ஒரு மணி நேரம் ஆகாது.

தறிவீட்டு மகள்
புடவைப் படத்தை லேசாக விட்டுவிட்டீர்கள் அக்கா. எங்கள் அப்பா காஞ்சிபுரத்தில் நெய்தவர், நான் இப்போது ஜெயநகரில் இருக்கிறேன். போன வாரம் ஒரு பதிவில் ‘இரண்டு பறவைகள் எதிரெதிரே’ என்று விவரிப்பு. அது இருதலைப்பட்சி, ஒரே உடம்பு, இரண்டு தலை. இதே ஊரில் கர்நாடக அரசு முத்திரையில் கண்டபேருண்டம் என்று தினமும் பார்க்கிறோம். அன்னத்தை மயில் என்று எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது.

அதைவிட மோசம் நிறம். மயில் கழுத்து நிறம் என்பது பாவில் ஒரு நூல், ஊடையில் வேறு நூல். அசைத்தால் நீலமும் பச்சையும் மாறி மாறி வரும். போட்டோவில் ஒரு கோணம்தான் இருக்கும், ஏஐ ‘நீலம்’ என்று எழுதிவிடும். சரிபார்க்கிறவர் படத்தைப் பார்த்தால் அவருக்கும் நீலம்தான். ஆகவே படத்தை வைத்துச் சரிபார்த்தால் போதாது, புடவையில் கட்டியிருக்கிற சீட்டை வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

அல்சூர் எடிட்டர்
இதில் எனக்கு உடன்பாடு இல்லை அம்மா. ஆல்ட் என்பது படத்தில் தெரிகிறதைச் சொல்ல. படத்தில் நீலம்தான் தெரிகிறது என்றால், பார்வை உள்ளவரும் நீலம் என்றுதான் நினைப்பார். மயில் கழுத்து என்பதைப் பதிவின் வாசகத்தில் எழுதுங்கள், எல்லோருக்கும் தெரியட்டும். சீட்டைப் பார்த்து ஆல்ட் எழுத ஆரம்பித்தால், ‘சுத்த ஜரிகை’, ‘கைத்தறி’ எல்லாம் உள்ளே வரும். ஏஐயும் அப்படித்தான் எழுதுகிறது. மின்னுகிற கரையைப் பார்த்துவிட்டு ‘தங்க ஜரிகை’ என்கிறது. படத்தைப் பார்த்து ஜரிகை சுத்தமா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த மாதிரிச் சொல் வந்தால் நான் முதலில் அடிப்பேன்.

தறிவீட்டு மகள்
‘சுத்தம்’ என்ற சொல்லை அடிப்பது சரி, அது வாக்குறுதி. நிறம் அப்படி இல்லை. டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படம் பொய் சொல்கிறது, அந்தப் பொய்யை ஏன் எழுத்திலும் எழுத வேண்டும்? பார்வை உள்ளவர் கடைக்கு வந்து திரும்பப் பார்த்துக்கொள்வார். கேட்டு வாங்குகிறவருக்கு அந்த ஒரு சொல்தான் புடவை.

கேட்டுப் படிப்பவன்
அதைப் பட்டவன் நான். அம்மா அறுபதாம் கல்யாணத்துக்கு ‘சிவப்பு உடல், பொன் நிறக் கரை’ என்று கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் தங்கை சொன்னாள், இது வாடாமல்லி என்று. அம்மா அதையே கட்டிக்கொண்டார், அது வேறு விஷயம். எனக்குச் சீட்டில் உள்ள நிறம்தான் வேண்டும், ஆல்ட்டில் வந்தாலும் சரி, வாசகத்தில் வந்தாலும் சரி. இரண்டிலும் வேறு வேறாக மட்டும் வரக்கூடாது.

இன்னொன்றும் உண்டு, இதை யாரும் சொல்லவில்லை. சரிபார்க்கிறவர் ஒவ்வொரு படமாகப் பார்க்கிறார். நான் வரிசையாகக் கேட்கிறேன். ‘ஒரு பெண் பட்டுப் புடவை அணிந்து சிரித்தபடி நிற்கிறார்’ என்றே நாற்பது படமும் தொடங்கினால், நிறம் வருவதற்குள் விரல் அடுத்ததற்குத் தள்ளிவிடும். தனித்தனியாகப் பார்த்தால் நாற்பதும் சரிதான், தப்பே இல்லை. நிறமும் கரையும் முதலில் வரட்டும், பெண்ணும் சிரிப்பும் கடைசியில் வரட்டும். சரிபார்த்து முடித்ததும் ஒரு பத்தை டாக்பேக் போட்டுக் காதால் கேளுங்கள், உடனே தெரியும்.

சிக்பேட்டைப் பெண்
எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி எடிட்டர் அக்கா சொன்ன மாதிரி விவரிப்பை மறைத்துவிட்டு என்னிடம் இருக்கிற 50 போஸ்டரையும் பார்த்தேன், ஐம்பத்தைந்து நிமிஷம் ஆனது. பதினாலாவது போஸ்டரில் படத்துக்குள் ‘தள்ளுபடி ஆடி 18 வரை’ என்று இருக்கிறது. ஏஐ எழுதியது: ‘ஆகஸ்ட் 18 வரை தள்ளுபடி’. ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 2 அல்லது 3-ல் வந்துவிடும். அதை நம்பிக் கேட்டவர் இரண்டு வாரம் கழித்து வந்து நின்றிருப்பார். வாசகத்தில் தேதியே இல்லை, அந்தப் படத்தில் மட்டும்தான் இருந்தது. நான் தாளில் ‘ஆடி 18’ என்று குறித்து வைத்திருந்ததால்தான் கண்ணில் பட்டது. விவரிப்பை முதலில் படித்திருந்தால் 18-க்கு 18 சரி என்று தாண்டியிருப்பேன்.

இன்னும் நாலு போஸ்டரில் இதே தப்பு, எல்லாம் ஆடி தேதிதான். முதலாளியிடம் காட்டினேன், போஸ்டர் முழுவதும் பார்க்கச் சம்மதித்துவிட்டார். புடவை 150-க்கும் கடைச் சீட்டை அனுப்பச் சொன்னேன், குடோனில் ஆள் இல்லை என்கிறார்.

எண்ணிப்பார்
அஞ்சும் ஒரே மாதிரித் தப்புன்னா, போன மாச போஸ்டர்லயும் ‘ஆனி’ ‘ஜூன்’ ஆகியிருக்கும் மேடம். ஏற்கெனவே வெளியே போனதையும் திறந்து பாருங்க.

தறிவீட்டு மகள்
சீட்டுக்கு ஆள் வேண்டாம். போட்டோ எடுக்கும்போதே புடவை மேல் சீட்டை வைத்து முதல் படமாக ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தப் படம் வெளியே போக வேண்டியதில்லை.

கேட்டுப் படிப்பவன்
தங்கச்சி, ஒரு கேள்வி பாக்கி. இதெல்லாம் தமிழில் எழுதுகிறீர்களா, ஆங்கிலத்திலா? என் போனில் ஆங்கிலக் குரல் வைத்திருக்கும்போது தமிழ் வரியை அப்படியே விழுங்கிவிடுகிறது. தமிழ்க் குரலுக்கு மாற்றினால் மற்ற பக்கங்களின் ஆங்கிலம் காதில் ஏறுவதில்லை.

சிக்பேட்டைப் பெண்
இப்போதைக்கு ஆங்கிலத்தில்தான் அண்ணா, கன்னடக்காரர்களும் வாங்குகிறார்கள் என்பதால். ஆனால் வாடாமல்லிக்கும் மயில் கழுத்துக்கும் ஆங்கிலத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அந்த இரண்டை மட்டும் ஆங்கில எழுத்தில் அப்படியே `vaadamalli`, `mayil kazhuthu` என்று போட்டு ஒரு பதிவு அனுப்புகிறேன். எப்படிக் கேட்கிறது என்று சொல்லுங்கள்.