80 எம்பிபிஎஸ்ல டிவியில் படம் உடையுது, வைஃபை லேப்டாப்ல உடையல. ஏன்?

அருவி22:
டெஸ்க்டாப்ல ஆர்டிஎக்ஸ் 3060, கேபிள்ல ரவுட்டரோடு இருக்கு. அதுல ஓடுற கேமை அனுப்புறது சன்ஷைன், டிவியிலும் லேப்டாப்லயும் வாங்கிக் காட்டுறது மூன்லைட். ஆண்ட்ராய்டு டிவி, அதுவும் கேபிள்தான். 4கே 60ல 80 எம்பிபிஎஸ் வெச்சா, கேமராவை வேகமா திருப்பும்போது படம் விக்குது, கட்டம் கட்டமா உடையுது. 40க்கு இறக்கினா ஓடுது, ஆனா புல்லும் புகையும் கலங்கிடுது. லேப்டாப் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. அதே 80ல ஒரு பிரச்சினையும் இல்ல. கேபிளைவிட வைஃபை நல்லா ஓடுறது எப்படி? என்கோடர்ல என்ன மாத்தணும்?

கோடைமழை:
பெரும்பாலான டிவிகள்ல லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான் ப்ரோ. நீங்க வெச்ச 80க்கு மேல இழப்பு திருத்தத்துக்கு சன்ஷைன் 20 சதவீதம் சேர்த்து அனுப்பும். மொத்தம் 96. ஆடியோவும் சேர்ந்தா போர்ட் நிரம்பிடும். 70 வைங்க, முடிஞ்சது.

திரைவிளக்கு:
பிட்ரேட் 6000, சிபிஆர், கீஃப்ரேம் 2 வினாடி. இதுதான் எல்லாரும் வைக்கிறது, எனக்கு இதுல ஒரு ஃப்ரேம்கூட விடாம ஓடுது. 80 ஆயிரமெல்லாம் எதுக்கு?

வடகாற்று:
திரைவிளக்கு, நீங்க சொல்றது பார்வையாளர்களுக்கு நேரலை விடும்போது வைக்கிற அளவு. அங்க சில வினாடி தாமதம் இருந்தா யாருக்கும் தெரியாது, நடுவுல சேர்றவங்களுக்காக 2 வினாடிக்கு ஒரு முழு ஃப்ரேமும் வேணும். வீட்டுக்குள்ள கேம் ஆடும்போது அந்த முழு ஃப்ரேமே எதிரி. மத்த ஃப்ரேம்களைவிட பல மடங்கு பெருசா வரும், ஒவ்வொரு தடவையும் ஒரு விக்கல். அதனாலதான் மூன்லைட் முழு ஃப்ரேமைத் தொடக்கத்திலும், பாக்கெட் தொலைஞ்சு படம் மீளாத நேரத்திலும் மட்டும் கேட்டு வாங்குது.

கோடைமழை, போர்ட் விஷயம் சரி. கணக்கு தப்பு. சன்ஷைனோட புதிய பதிப்புகள் திருத்தப் பங்கை நீங்க வெச்ச எண்ணுக்குள்ளேயேதான் கழிக்குது. 80 வெச்சா வீடியோவுக்குக் கிடைக்கிறது சுமார் 64. அதனால மொத்தம் 96 ஆகாது. சராசரி 80, குழாய் 100. சராசரியைப் பார்த்தா உடையவே கூடாது.

அருவி, மூன்லைட் அமைப்புல புள்ளிவிவரம் காட்டுறதை ஆன் பண்ணிட்டு (லேப்டாப்ல `Ctrl+Alt+Shift+S`), `Frames dropped by your network connection` என்ற வரியை ரெண்டு கருவியிலும் பார்த்துச் சொல்லுங்க. சன்ஷைனோட என்விஎன்க் பக்கத்துல VBV என்று வர்ற எண் எவ்வளவு?

அருவி22:
டிவியில் திருப்பும்போது 2லிருந்து 4 சதவீதம். சும்மா நின்னா 0. லேப்டாப்ல எப்பவும் 0. ரவுட்டர் பக்கத்துல டிவி போர்ட் 100னு காட்டுது. VBV 100 வெச்சிருக்கேன், தரம் கூடும்னு எங்கோ படிச்சேன்.

வடகாற்று:
அங்கதான் சிக்கல்.

60 ஃப்ரேம்னா ஒவ்வொன்னுக்கும் 16.7 மில்லிசெகண்ட். 80 எம்பிபிஎஸ்ஸை 60ஆல வகுத்தா ஒரு ஃப்ரேம் சராசரி 1.33 மெகாபிட். 100 எம்பிபிஎஸ் கம்பியில அது கடந்து போக 13 மில்லிசெகண்டுக்கு மேல ஆகும். இதுவரை எப்படியோ நுழைஞ்சிடும். VBV 0ல இருந்தா ஒரு ஃப்ரேம் தன் பங்கைத் தாண்டாதபடி என்கோடர் பிடிச்சு வைக்கும். 100ன்னா ஒரு ஃப்ரேம் இரட்டிப்பு வரை வீங்கலாம். கேமரா நின்னா படம் மாறாது, வீங்காது. திருப்பினா மொத்தப் படமும் புதுசு, எல்லா ஃப்ரேமும் வீங்கும். 2.67 மெகாபிட் போக 27 மில்லிசெகண்ட், ஆனா 17ல அடுத்தது வந்து நிக்குது. டெஸ்க்டாப் கிகாபிட் வேகத்துல கொட்டுது, டிவி பக்கம் பத்துல ஒரு பங்கு வேகத்துலதான் வெளியே போகுது. நடுவுல ரவுட்டரோட சின்ன பஃபர் நிரம்பி, மிச்ச பாக்கெட் கீழே விழுது. திருத்தப் பாக்கெட்டும் அதே வரிசையில்தான் நிக்குது, அதனால இதுல அது உதவாது.

லேப்டாப் வைஃபையில நிஜமா 300, 400 கிடைச்சா அதே வீங்கின ஃப்ரேம் 7லிருந்து 9 மில்லிசெகண்ட்ல போயிடும். அங்க உடையாததுக்குக் காரணம் இதுதான்.

VBV 0, பிட்ரேட் 65, மூன்லைட்ல கோடெக் எச்இவிசி. எச்.264ல இருந்திருந்தா கலங்கலுக்கு அதுவே பாதிக் காரணம்.

கோடைமழை:
VBV 0 வெச்சா திருப்பும்போது ஃப்ரேம் சுருங்கி இன்னும் கலங்கும். அதுக்கு ப்ரீசெட் P1ஐ P7 ஆக்கணும். இல்லன்னா ஏவி1.

வடகாற்று:
3060ல ஏவி1 டிகோட் மட்டும்தான். என்கோட் 40 வரிசையிலிருந்துதான் வந்துச்சு.

P7 தேவையில்ல. 4கேல ஒரு ஃப்ரேமை முடிக்க எடுக்கிற நேரம் கூடும், அது நேரா கை அசைவுக்கும் திரைக்கும் நடுவுல சேரும். 60 எம்பிபிஎஸ் சுற்றுவட்டாரத்துல P1க்கும் P7க்கும் கண்ணுக்குத் தெரியிற வித்தியாசம் கொஞ்சம்தான். ஆசைப்பட்டா P3, P4 வரை போய்ப் பாருங்க. `Host processing latency` சராசரி ஏறினா திரும்பி வாங்க. அது ப்ரீசெட்டைத் தொடாமலே அதிகமா இருந்தா கார்டு 99 சதவீதத்துல திணறுதுன்னு அர்த்தம். என்கோடர் தனிப் பகுதிதான், ஆனா திரையைப் பிடிக்கிறதும் நிறம் மாத்துறதும் கேம் ஓடுற அதே பகுதியில் நடக்குது, கேம் இடம் விடணும். கேமுக்குள்ள 60ல கட்டிப்போட்டு கிராஃபிக்ஸை ஒரு படி இறக்குங்க.

பனைநிழல்:
இவ்வளவு ஏன்? டிவியையும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாத்திட்டா 100 எம்பிபிஎஸ் தடையே கிடையாது. 65 வெச்சாலும் கம்பியில ஃப்ரேமுக்கு 11 மில்லிசெகண்ட். வைஃபையில அது மிச்சம்.

கோடைமழை:
பக்கத்து வீட்டு ரவுட்டர் அதே சேனல்ல வந்து உட்கார்ந்தா தெரியும். கம்பி 11ன்னா எப்பவும் 11. வைஃபை 3ன்னு காட்டும், திடீர்னு 40 ஆகும். கேமுக்கு நிலையா இருக்கிறதுதான் முக்கியம்.

பனைநிழல்:
ஒரே அறையில் ரவுட்டர் இருந்தா அந்த 40 அபூர்வம். அளந்து பார்க்காம கம்பிதான் உசத்தின்னு சொல்லக்கூடாது. லேப்டாப்பை டிவி இருக்கிற இடத்துல வெச்சு ஓட்டிப் பாருங்க. டெஸ்க்டாப்ல முதல் வரி, லேப்டாப்ல ரெண்டாவது (எண் டெஸ்க்டாப்போட முகவரி):

```
iperf3 -s
iperf3 -c 192.168.1.10 -u -b 80M -t 60 -R
```

60 வினாடியும் இழப்பு 0ன்னா அந்த இடத்துக்கு வைஃபை போதும்.

வடகாற்று:
சோதனை நல்லது, ஒரு எச்சரிக்கையோட. ஐபெர்ஃப் பாக்கெட்டை ஓரளவு சீரா விடும், கேம் ஃப்ரேம் கொத்தா வரும். இழப்பு வந்தா வைஃபை வேணாம்னு உறுதி. வரலைன்னா பாதி பதில்தான். டிவியோட ஆன்டெனாவும் லேப்டாப்போடதும் ஒன்னு இல்ல. கடைசில டிவியிலேயே ஒரு மணி நேரம் ஓட்டி அந்த இழப்பு வரியைப் பாருங்க.

அருவி22:
VBV 0, 65, எச்இவிசி, P3 வெச்சேன். டிவியில் இழப்பு 0. எவ்வளவு வேகமா திருப்பினாலும் உடையல. புல் தெளிவு, அடர்த்தியான புகையில மட்டும் கொஞ்சம் கலங்கல் இருக்கு. ஐபெர்ஃப்ல டிவி இடத்துல இழப்பு 0.3 சதவீதம், எல்லாம் ஒரே வினாடியில்.

கோடைமழை:
அந்த ஒரு வினாடிதான் நான் சொன்னது.

பனைநிழல்:
ஒரே வினாடியில கொத்தா போனா லேப்டாப் பின்னணியில் வேற நெட்வொர்க் தேடியிருக்கலாம். டிவி அப்படித் தேடணும்னு இல்ல. டிவியிலேயே ஓட்டிட்டு சொல்லுங்க. யூஎஸ்பி 3 போர்ட் இருந்து, கிகாபிட் அடாப்டரை டிவி ஏத்துக்கிட்டா இந்தச் சண்டையே வேணாம். சில டிவி ஏத்துக்கும், சிலது கண்டுக்காது.